பத்து நிமிடப் பேச்சும் பத்தாம் தேதியும்

வாசகர் கடிதம்:

“ஓசூர் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். வயது 44. எங்களிடம் இருபதிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் 60 பிள்ளைகள் இருக்கிறார்கள். சம்பளம் ஏழாம் தேதி ஏறும், கையில் 18,000 ரூபாய் போல வரும். இருபதாம் தேதிக்குள் பாதிப் பேர் என்னிடமே கைமாற்று கேட்கிறார்கள். இந்த மாதம் 25-ஆம் தேதி நடக்கும் கூட்டத்தில் சேமிப்பைப் பற்றி என்னைப் பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மாதம் 5,000 வீதம் 30 வருடம் கட்டினால் 1.76 கோடி ஆகும் என்று திரையில் காட்டப் போகிறேன். அஞ்சலக ஆர்.டி.யைச் சொல்லலாம் என்றால், மாதம் 1,000 கட்டினால் ஐந்து வருடத்தில் 71,366தான் வரும் என்கிறார்கள். 6.7 சதவீதம் என்றால் 60,000-க்கு 20,100 வட்டி வர வேண்டாமா? மீதி எங்கே போகிறது? தானாகக் கட்ட மாட்டார்கள் என்பதால் ஆளுக்கு 500 நானே வசூலித்து என் பெயரில் கட்டலாமா? காப்பீட்டு முகவரான என் கொழுந்தனார் எனக்குப் பிறகு பேச வருகிறேன் என்கிறார். வரச் சொல்லலாமா?”

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் கூட்டத்தின் தேதியை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். 25-ஆம் தேதி வேண்டாம். அடுத்த மாதம் சம்பளம் ஏறிய பிறகு, எட்டாம் தேதிக்கும் பதினைந்தாம் தேதிக்கும் நடுவில் ஒரு நாள் வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் என்ன பேசப் போகிறீர்கள் என்பதைவிட இது முக்கியம் என்பேன்.

அஞ்சலகத் தொடர் வைப்பில் ஒரு விதி உண்டு. மாதத்தின் முதல் 15 நாள்களுக்குள் கணக்கு தொடங்கினால், ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதிக்குள் தவணை கட்ட வேண்டும். 16-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ தொடங்கினால், மாதத்தின் கடைசி வேலை நாள் வரை கட்டலாம். கேட்பதற்கு இரண்டாவதுதான் தாராளமாகத் தெரியும். ஏழாம் தேதி சம்பளம் வாங்கும் இளைஞனுக்கு அதுதான் ஆபத்து. மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது என்று அவன் தள்ளிப்போடுவான், மாதக் கடைசியில் பையில் ஒன்றும் இருக்காது. வங்கியிலும் பெரும்பாலும், கணக்கு தொடங்கிய தேதியில்தான் மாதாமாதம் தவணை பிடிப்பார்கள். உங்கள் பேச்சைக் கேட்டு 26-ஆம் தேதி ஒருவன் கணக்கு தொடங்கினால், ஒவ்வொரு மாதமும் 26-ஆம் தேதிதான் அவனிடம் பணம் கேட்கப்படும். நல்ல மனத்தோடு தொடங்கிய பல கணக்குகள் இந்த ஒரு காரணத்தாலேயே நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன்.

நின்றுபோன ஒரு கணக்கு

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு வெல்டிங் தொழிலாளியின் கதையைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். கையில் வரும் சம்பளம் 18,200. ஊருக்கு அனுப்புவது 7,000. அறை வாடகையும் சாப்பாடும் 5,500. வண்டித் தவணை 2,900. இந்த மூன்றும் போக மிஞ்சுவது 2,800 ரூபாய். அதற்குள்தான் பெட்ரோல், போன் ரீசார்ஜ், மருந்து, நண்பர்கள் வீட்டு மொய் எல்லாம்.

ஒரு கூட்டத்தில் யாரோ உணர்ச்சியாகப் பேசியதைக் கேட்டு, அந்த மாதக் கடைசியிலேயே அஞ்சலகத்தில் மாதம் 5,000 ரூபாய்க்குக் கணக்கு தொடங்கிவிட்டான். அந்த மாதம் ஓவர்டைம் பணம் வந்திருந்ததால் முதல் தவணை சுலபமாகப் போனது. இரண்டாவது தவணைக்கு நண்பனிடம் கடன் வாங்கினான். மூன்றாவது தவணையைக் கட்டவில்லை.

கட்டத் தவறிய தவணைக்கு நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் தாமதக் கட்டணம். அவனுக்கு அது மாதம் 50 ரூபாய்தான், தாங்கக்கூடியதுதான். ஆனால் நான்கு தவணை தவறினால் கணக்கு தொடராத கணக்காகிவிடும். அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்குள் பாக்கியைக் கட்டி உயிர்ப்பிக்கலாம். அதையும் விட்டால் மேற்கொண்டு அதில் கட்ட முடியாது. இந்த இரண்டு மாத வாய்ப்பு இருப்பதே அவனுக்குத் தெரியாமல் போய்விட்டது.

என்னிடம் வந்தபோது, “என் பத்தாயிரத்தை போஸ்ட் ஆபீஸே எடுத்துக்கிச்சு சார்” என்றான். யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, பணம் அவன் பெயரில் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் இந்தக் கணக்கை மூன்று ஆண்டு முடிவதற்கு முன் மூட முடியாது. மூன்று ஆண்டுக்குப் பின் மூடினாலும் சாதாரண சேமிப்புக் கணக்கின் வட்டிதான் கிடைக்கும், இப்போது அது 4 சதவீதம். இதன்மேல் கடன் வாங்கலாமென்றால் ஓராண்டு முடிந்து 12 தவணைகள் கட்டியிருக்க வேண்டும். அவன் கட்டியிருந்தது இரண்டு. தொகையும் தவறு, தேதியும் தவறு. அவனோ தன் புத்தியே தவறு என்று நினைத்துக்கொண்டிருந்தான். சேமிப்பு தனக்கு வராது என்று முடிவுகட்டிவிட்ட ஒருவனை மறுபடி கணக்கு தொடங்கவைப்பது, முதல்முறை தொடங்கவைப்பதைவிட எத்தனையோ மடங்கு கடினம். அதனால்தான் உங்கள் பேச்சு அவர்களை உற்சாகப்படுத்துவதோடு நின்றுவிடக் கூடாது என்கிறேன்.

அவனோடு உட்கார்ந்து மறுபடி கணக்குப் போட்டோம். மிஞ்சும் 2,800-இல் பாதிக்கு மேல் தொடக்கூடாது என்பது நான் வைத்திருக்கும் அளவுகோல். பாதி என்றால் 1,400. “போன வருஷத்துல ரொம்ப இறுக்கமான மாசம் எது?” என்று கேட்டேன். வைகாசியில் இரண்டு கல்யாணம், ஊருக்குப் போய்வந்த செலவு என்றான். அந்த மாதத்திலும் தாங்குகிற தொகை எது என்று பார்த்து 1,000-க்கு வந்தோம். சம்பளம் ஏறும் அதே வங்கியில், பத்தாம் தேதி, ஓராண்டுக்குத் தொடங்கினான்.

ஐந்து ஆண்டா, ஓராண்டா?

அஞ்சலக ஆர்.டி. நல்ல திட்டம். மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்கலாம், அரசின் பொறுப்பில் இருக்கும் பணம். ஆனால் இதுவரை ஒரு மாதம்கூடச் சேமிக்காத இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு 60 தவணை என்பது கண்ணுக்கு எட்டாத தூரம். முதல் கணக்கு 12 மாதத்துக்கே இருக்கட்டும் என்பது என் கருத்து. ஒருமுறை முதிர்வுத் தொகையைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களிடம் ஐந்து ஆண்டுத் திட்டத்தைப் பேசினால் காது கொடுப்பார்கள்.

சம்பளம் ஏறும் வங்கியிலேயே தொடங்குவதற்கும் காரணம் இருக்கிறது. பெரும்பாலான வங்கிகளின் செயலியிலேயே சில நிமிடங்களில் ஆர்.டி. தொடங்கிவிடலாம். பணம் அதே வங்கிக்குள் மாறுவதால், ஒரு மாதம் இருப்பு போதாவிட்டாலும் பொதுவாகச் சிறிய தாமதக் கட்டணத்தோடு போகும். வேறு வங்கியிலிருந்து தானாகப் பிடிக்கும்படி எழுதிக் கொடுத்து அது திரும்பினால், அதற்கு வங்கிகள் சில நூறு ரூபாய் வரை பிடிப்பதுண்டு. ஆயிரம் ரூபாய் சேமிக்கிறவனுக்கு அந்த ஒரு அடியே போதும், விட்டுவிடுவான். தொடர்ந்து தவணை தவறினால் கணக்கை மூடும் வங்கிகளும் உண்டு. அந்த விவரத்தை உங்கள் தொழிற்சாலைக்குச் சம்பளக் கணக்கு வைத்திருக்கும் கிளையில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் 1.76 கோடி

கணக்குத் தவறில்லை. ஆண்டுக்கு 12 சதவீதம் வளர்ந்தால் அந்தத் தொகை வரும். ஆனால் எந்த வங்கியோ அஞ்சலகமோ மாதச் சேமிப்புக்கு 12 சதவீதம் தருவதில்லை. பங்குச் சந்தை சார்ந்த திட்டங்களில் நீண்ட காலத்தில் வரலாம், வராமலும் போகலாம், நடுவில் கட்டிய பணமே குறைந்து தெரியும் காலங்களும் இருக்கும். ஒருபக்கம் கோடியைக் காட்டி, மறுபக்கம் ஆர்.டி. தொடங்கச் சொன்னால், அந்தக் கோடி ஆர்.டி.யில் வரும் என்றுதான் புரிந்துகொள்வார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுகிறது என்று வைத்தால், முப்பது ஆண்டு கழித்து வரும் 1.76 கோடி இன்றைய 31 லட்சத்தைவிடச் சற்றுக் குறைவானதற்குச் சமம். அதுவும் பெரிய தொகைதான். ஆனால் 2,800 ரூபாய் மிஞ்சும் பிள்ளையிடம் மாதம் 5,000 கேட்டால், இது தனக்கான பேச்சு இல்லை என்று முதல் நிமிடத்திலேயே முடிவு செய்துவிடுவான். அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள்.

மீதி வட்டி எங்கே போகிறது?

எங்கும் போகவில்லை. 60,000 ரூபாய் முதல் நாளிலிருந்தே அங்கே இருந்திருந்தால்தான் ஆண்டுக்கு 4,020 வீதம் 20,100 வரும். நீங்கள் கட்டும் முதல் ஆயிரம் மட்டுமே 60 மாதம் அங்கே இருக்கிறது. இரண்டாவது ஆயிரம் 59 மாதம். கடைசி ஆயிரம் ஒரே ஒரு மாதம். சராசரி பார்த்தால் ஒவ்வோர் ஆயிரமும் இரண்டரை ஆண்டுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கிறது. அந்தக் கணக்கில் தனிவட்டி 10,200 ரூபாய் போல வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி அசலோடு சேர்வதால் அது 11,366 ஆகிறது. 6.7 சதவீதம் முழுதாகத்தான் தருகிறார்கள்.

இது உங்களுக்கு மட்டும் வரும் சந்தேகம் இல்லை. படித்தவர்களும் முதிர்வு நாளில் அஞ்சலகத்தில் சண்டை பிடிப்பதுண்டு. கூட்டத்தில் யாராவது கேட்டால் கரும்பலகையில் 60, 59, 58 என்று எழுதிக் காட்டுங்கள், புரிந்துவிடும். நீங்களாக வட்டியைப் பற்றிப் பேச்சைத் தொடங்க வேண்டாம். மாதம் 1,000 வீதம் ஓராண்டு, வட்டி 6.5 சதவீதம் என்று வைத்தால் கிடைப்பது சுமார் 430 ரூபாய். அதைச் சொல்லி யாரையும் அசைக்க முடியாது.

அவர்களை அசைக்கும் கணக்கு வேறு. மூணு வட்டி என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய். அவசரத்துக்கு 12,000 ரூபாயை அப்படி வாங்கினால் மாதம் 360, ஓராண்டில் 4,320 ரூபாய் வட்டி மட்டும் போகும், அசல் அப்படியே நிற்கும். தன்னிடமே 12,000 இருப்பவனுக்கு அந்த 4,320 மிச்சம். மாதச் சேமிப்பின் முதல் பலன் இதுதான்.

பேச்சு இப்படி இருக்கலாம்

நீங்கள் அவர்களிடம் எப்போதும் பேசும் பேச்சிலேயே சொல்லுங்கள். நான் எழுதித் தருவது ஒரு மாதிரிதான்:

“தம்பிங்களா, பாப்பாங்களா, இருபதாம் தேதிக்கு மேல என்கிட்ட கைமாத்து கேக்கறவங்க இங்க நிறைய பேர் இருக்கீங்க. அது தப்பில்ல, யார் பேரும் சொல்லமாட்டேன். நான் கேக்கறது ஒண்ணுதான். ஊருக்கு அனுப்பறது, ரூம், சாப்பாடு, வண்டி டியூ, இது நாலையும் ஒரு பேப்பர்ல எழுதுங்க. சம்பளத்துல கழிங்க. மிச்சம் வர்றதுல பாதிய எழுதுங்க. போன வருஷம் ரொம்ப கஷ்டமான மாசத்துல அந்தப் பாதிய கட்டியிருக்க முடியுமா? முடியாதுன்னா இன்னும் கொறைங்க. முந்நூறு வந்தாலும் சரி. இப்ப அந்தத் தொகைக்கு உங்க பேங்க் ஆப்ல பன்னெண்டு மாசத்துக்கு ஒரு ஆர்.டி. போடலாம். தெரியாதவங்க கைய தூக்குங்க, நான் வந்து காட்டறேன்.”

இதைச் சொல்ல மூன்று நிமிடம் போதும். மீதி ஏழு நிமிடத்தில் அவர்களைச் செய்யவையுங்கள். “நாளைக்குப் போய்த் தொடங்குகிறேன்” என்று எழுந்து போகிறவர்களில் பலர் தொடங்குவதில்லை. காகிதத்தில் எழுதியதை யாரும் உங்களிடம் காட்ட வேண்டியதில்லை என்றும் சொல்லிவிடுங்கள். வீட்டுக்கு எவ்வளவு அனுப்புகிறோம் என்பதைப் பக்கத்தில் இருப்பவன் பார்ப்பதில் பலருக்குக் கூச்சம் இருக்கும். கணக்கு தொடங்கும்போது நியமனதாரர் பெயரைக் கேட்கும், அதைத் தாண்டிப் போகாமல் அம்மாவோ அப்பாவோ ஒருவர் பெயரைப் போடச் சொல்லுங்கள்.

இரண்டு எதிர்க்கேள்விகள் வரும். “பி.எஃப். பிடிக்கிறாங்களே” என்பார்கள். அது ஓய்வுக்காலத்துக்கானது, அடுத்த மாத ஆஸ்பத்திரிச் செலவுக்கு அதை நம்பி இருக்கக் கூடாது என்று சொல்லுங்கள். “வீட்ல அம்மா சீட்டு கட்டுறாங்க” என்பார்கள். சீட்டைத் தாழ்த்திப் பேசிவிடாதீர்கள். மாதாமாதம் தவறாமல் பணம் எடுத்துவைப்பது எப்படி என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. பதிவு செய்த சீட்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நீங்கள் வசூலிக்க வேண்டாம்

உங்கள் அக்கறை புரிகிறது, ஆனாலும் இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 60 பேரிடம் 500 என்றால் மாதம் 30,000, ஆண்டுக்கு 3,60,000 ரூபாய். உங்கள் பெயரில் இருக்கும்வரை சட்டத்தின் கண்ணில் அது உங்கள் பணம். வட்டி உங்கள் வருமானமாகக் கணக்காகும். உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால் பணம் உங்கள் நியமனதாரரிடம் போகும், அந்த 60 பேரும் உங்கள் வீட்டு வாசலில் நிற்க வேண்டியிருக்கும். நடுவில் வேலையை விட்டுப் போகிறவன் தன் பங்கை அன்றே கேட்பான். முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்து 2019-இல் ஒரு மத்தியச் சட்டமும் வந்திருக்கிறது. நல்ல எண்ணத்தில் பணம் வாங்கினேன் என்பது புகார் வந்த பிறகு உங்களைக் காப்பாற்றும் என்று நம்பிவிட முடியாது.

எல்லோரும் சேர்ந்துதான் சேமிக்க வேண்டும் என்றால், அதற்குப் பதிவு செய்த பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் என்ற வழி இருக்கிறது. அதற்குத் தணிக்கை உண்டு, பொறுப்பும் ஒருவர் தலையில் விழாது. அதைத் தொடங்குவது பெரிய வேலை, இப்போதைக்கு வேண்டாம். ஒவ்வொருவர் பணமும் அவரவர் பெயரில் அவரவர் கணக்கில் இருக்கட்டும். கடவுச்சொல்லைக்கூட உங்களிடம் சொல்ல விடாதீர்கள்.

கொழுந்தனார்

அன்று வரவேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். காப்பீடு தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் சேமிப்பைப் பற்றிக் கேட்ட கையோடு விற்கப்படும் பாலிசியை அவர்கள் சேமிப்பாகவே எடுத்துக்கொள்வார்கள். ஆர்.டி.யை மூன்றாம் மாதம் நிறுத்தினாலும் கட்டிய பணம் அவர்களுடையதுதான். சேமிப்போடு சேர்ந்த காப்பீட்டுப் பாலிசியை முதல் ஓரிரு ஆண்டில் நிறுத்தினால், கட்டியதில் கணிசமான பகுதி திரும்பி வராது. உங்கள் பேச்சின் முடிவில் உறவினர் ஒருவர் படிவத்தோடு எழுந்து நின்றால், நீங்கள் சொன்னதெல்லாம் அதற்காகத்தான் என்று அந்தப் பிள்ளைகள் நினைத்துவிடலாம். அடுத்த மாதம் கைமாற்றுக்காக உங்களிடம் வருகிறவர்களின் நம்பிக்கை அது, இழந்துவிடாதீர்கள்.

பிறகு

கூட்டம் நடந்ததற்கு அடுத்த மாதம், தவணை பிடிக்கும் தேதிக்கு மறுநாள், சாப்பாட்டு நேரத்தில் “பிடிச்சிட்டாங்களா?” என்று மட்டும் கேளுங்கள். எவ்வளவு என்று கேட்க வேண்டாம். “பிடிக்கல” என்று சொல்கிறவனிடம் காரணம் கேட்டால், சம்பளம் ஒருநாள் தாமதம் என்பான், அல்லது வண்டித் தவணை அதே தேதியில் முந்திக்கொண்டது என்பான். தேதியை மாற்ற வங்கியில் வழியிருக்கிறதா என்று பார்க்கலாம். இல்லையென்றால் அந்தக் கணக்கை மூடிவிட்டு வேறு தேதியில், இன்னும் சின்னத் தொகையில் புதிதாகத் தொடங்கலாம். ஓரிரு தவணை மட்டும் கட்டியிருக்கும் நிலையில் மூடினால் பெரிய நட்டம் இருக்காது. முதல் மூன்று மாதம் இந்தக் கேள்வியை விடாமல் கேளுங்கள்.

நான் சொன்ன வெல்டிங் தொழிலாளிக்கு ஐந்தாம் மாதம் ஒரு தவணை தவறியது. அபராதத்தோடு ஆறாம் மாதம் சேர்த்துக் கட்டினான். ஓராண்டு முடிந்து பணம் கணக்கில் ஏறியதும் போன் செய்தான். என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். “வண்டி டியூ அடுத்த மாசம் முடியுது சார், அந்த 2,900-ஐயும் இதுலயே சேர்த்துடலாமான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்” என்றான். முழுவதையும் வேண்டாம், பாதியைச் சேர் என்றேன்.